நாலரை வயதுப் பொய்யும் மாமியாரின் மிளகாயும்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. வாய் கூசாமல் பொய் சொல்கிறான். சுவரில் கிரேயானால் கிறுக்கிவிட்டு, தங்கைதான் செய்தாள் என்கிறான். அவளுக்கு ஆறு மாதம்! இப்படிப்பட்ட பிள்ளைகள் பிற்காலத்தில் குற்றவாளி ஆவார்கள் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. வாயில் மிளகாய் தேய்க்கச் சொல்கிறார் மாமியார். மூளைக்கு ஒரு டானிக்கும் கொடுத்து வருகிறேன்.

பதில்: குற்றவாளி ஆகமாட்டான். டானிக்கை நிறுத்துங்கள், பொய்க்கு மருந்து கிடையாது. மிளகாய் பிஞ்சு வாயைப் புண்ணாக்கும், கண்ணிலும் படும். அந்தப் பேச்சே வேண்டாம்.

டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் காங் லீ, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போகும் சோதனையைப் பல ஆண்டுகள் நடத்தியவர். பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிடும். கேட்டால், மூன்று வயதில் ஏறக்குறைய பாதிப் பேர் பார்க்கவில்லை என்பார்கள். நான்கு வயதைத் தாண்டினால் பெரும்பாலோர் அப்படித்தான். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது அந்த வயதில்தான் பிடிபடுகிறது. ஆனால் பொய்யைக் காப்பாற்றத் தெரியாது. "பார்க்கவில்லை" என்ற அதே வாயால் பொம்மையின் பெயரையும் சொல்லிவிடும். ஆறு மாதத் தங்கையின் மேல் பழி போடுவதும் இந்த வகைதான்.

ஆகவே, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "யார் கிறுக்கியது?" என்பது அவனைப் பொய்யில் கொண்டுபோய் விடும். "சுவரில் கிறுக்கியிருக்கிறாய். ஈரத்துணி கொண்டு வா, துடைக்கலாம்" என்று சொல்லித் துடைக்க வையுங்கள். உண்மையைத் தானாக வந்து சொன்னால், சொன்னதற்கு முதலில் பாராட்டு, துடைப்பது பிறகு.

இரண்டு, மூன்று வயதில் "யானை வந்தது" என்பதெல்லாம் ஆசையும் கற்பனையும், கேட்டு ரசியுங்கள். ஏழெட்டு வயதில் பொய் பொருத்தமாக வரும், மதிப்பெண்ணை மறைப்பார்கள். அப்போது பொய்யைப் பிடிப்பதைவிட, எதற்குப் பயந்தான் என்று கேட்பது முக்கியம். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டபோது, அடிக்கும் பள்ளியின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள்தான் அதிகமாகவும் திறமையாகவும் பொய் சொன்னார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் உளறிக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு ஆளைப் பற்றியோ ஓர் இடத்தைப் பற்றியோ மட்டும் திடீரென்று மழுப்புகிறது. அங்கே போக மறுக்கிறது. நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புகிறது. "சொல்லக்கூடாது என்றார்கள்" என்கிறது. யாராவது மிரட்டியிருக்கலாம், தகாத முறையில் தொட்டிருக்கலாம். அன்றே செயல்படுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று மட்டும் சொல்லி, அந்த ஆளிடம் தனியே விடாமல், குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1098 சிறார் உதவி எண்ணையும் அழையுங்கள். உண்மை சொன்னால் மிளகாய் என்று பழகிய பிள்ளை, இதையும் உங்களிடம் சொல்லாது. மாமியாரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.