பரிசு கட்டித் தந்த இபுவுக்கு நாலு வரி நன்றி: இந்தோனேசிய மொழி கேள்வி பதில்

ஜகார்த்தாவிலும் சுராபாயாவிலுமாக 11 வருடம் துணி வியாபாரத்தில் கணக்கெழுதினேன். பாதி நாள் கடைக்காரர்களோடு வாட்ஸ்அப்பில் பேசுவதுதான் வேலை. மொழிப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி கிடையாது. கடைக்காரருக்கு எப்படி எழுதினால் காதில் இயல்பாக விழும் என்பது மட்டும் தெரியும்.

கோவையிலிருந்து: யோக்யகர்த்தாவில் ஒரு பாத்திக் துணிக்கடை. அங்கேயே இருக்கும் தோழியின் கல்யாணத்துக்குப் பரிசு அனுப்பச் சொல்லியிருந்தேன். வாழ்த்து அட்டையில் நான் மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். கடைக்கார அம்மா அதைக் கவனித்து, என்னிடம் கேட்டு, திருத்தி அனுப்பினார். அகராதி பார்த்து இப்படிக் கோத்திருக்கிறேன். அனுப்பலாமா?

```
Terima kasih atas bantuan Anda yang hati-hati
dengan pesanan hadiah saya.
```

அனுப்பினால் அவருக்குப் புரியும், தப்பாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் வங்கியிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது. மூன்று சொற்களை மாற்றினால் போதும்.

முதலில் அந்த 'ஹாதி-ஹாதி'. அகராதியில் 'கவனம்' என்று போட்டிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் எச்சரிக்கும் கவனம். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் 'ஹாதி-ஹாதி டி ஜாலான்' என்பார்கள், நம்ம 'பாத்துப் போங்க' மாதிரி. உங்கள் வாக்கியத்தைப் படித்தால் அந்த அம்மா ஏதோ பயந்து பயந்து உதவி செய்த மாதிரி தொனிக்கிறது. அவர் செய்தது வேறு. எழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். அதற்கு 'தெலிதி' என்று ஒரு சொல் இருக்கிறது, சின்னப் பிழையும் கண்ணுக்குத் தப்பாமல் பார்ப்பது. துணியை மடித்து, மூலை மூலையாகப் பொறுமையாகக் கட்டியிருந்தால் 'தெலாத்தென்'. ஜாவா மொழி வழியாக வந்த சொல், பொடி வேலையைச் சலிக்காமல் செய்கிறவரைச் சொல்வது. நீங்கள் இருபது முறை கேள்வி கேட்டும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார் என்றால் 'சபார்'. உங்களுக்கு வேண்டியது தெலிதி.

அடுத்து 'ஹதியா'. தப்பில்லை, ஆனால் போட்டியில் ஜெயித்தால் கொடுப்பதும் ஹதியாதான். காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ கொடுப்பதைக் கடையில் 'காடோ' என்பார்கள். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்.

மூன்றாவது 'அண்டா', அதாவது 'நீங்கள்'. அதை எடுத்தே விடுங்கள். தமிழில் 'பார்த்துக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றிம்மா' என்கிறோம், 'நீங்கள்' எங்கே வருகிறது? அங்கேயும் அதே கதைதான். நன்றிக்குப் பின்னால் 'சுடா' போட்டு, செய்த வேலையைச் சொன்னால் முடிந்தது.

நானாக இருந்தால் இப்படி அனுப்புவேன்:

```
Selamat siang, Bu. Kadonya sudah sampai,
teman saya senang sekali.
Terima kasih banyak sudah teliti
mengecek nama di kartunya.
Maaf sudah merepotkan ya, Bu.
```

வணக்கம், பரிசு வந்து சேர்ந்தது, தோழிக்கு ரொம்ப சந்தோஷம். அட்டையில் பெயரை அவ்வளவு கவனமாகச் சரிபார்த்ததற்கு மிக்க நன்றி. தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னிக்கணும். இவ்வளவுதான். பரிசு சேர்ந்த செய்தி முதலில் வருவதைக் கவனியுங்கள். பார்சலை ஒப்படைத்த நாளிலிருந்து கடைக்காரர் மனதில் இருப்பது அந்த ஒரு கேள்விதான். கடைசி வரி மன்னிப்பு மாதிரி தெரிந்தாலும் அது மரியாதை. 'ரெபோத்' என்றால் சிரமம், உங்களுக்காக அவர் கூடுதல் சிரமம் எடுத்தார் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

மதுரையிலிருந்து: அண்டா என்பது மரியாதைச் சொல் என்றுதானே பாடத்தில் இருக்கிறது? அதைப் போய் எடுக்கச் சொல்கிறீர்களே?

பாதி சரி. அண்டாவில் அவமரியாதை எதுவும் இல்லை. விளம்பரம், படிவம், அலுவலகக் கடிதம் எல்லாம் அண்டாவில்தான் இருக்கும், ஏனென்றால் படிப்பவர் ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. யாரென்று தெரிந்த பிறகும் அண்டா போட்டால் தள்ளி நிறுத்துவது போல ஆகிறது. தெரிந்த அம்மாவை 'வாடிக்கையாளர் அவர்களே' என்று கூப்பிடுகிற மாதிரி. 'காமு' பக்கம் மட்டும் போகாதீர்கள், அது கிட்டத்தட்ட 'நீ'.

அதனால் உறவுச்சொல்தான் வழி. பெண்ணுக்கு 'இபு', சுருக்கி 'பு'. ஆணுக்கு 'பாபாக்', சுருக்கி 'பாக்'. அம்மா, அப்பா என்றே பொருள். இப்படி ஆளைக் குறிக்கும்போது முதலெழுத்து பெரிய எழுத்து, கூப்பிடும்போது முன்னால் ஒரு காற்புள்ளி. மேலே 'Bu' இரண்டு இடத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து: கடைக்காரப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. அவரைப் போய் அம்மா என்பதா?

இதில் எனக்கும் என் பழைய அலுவலகத் தோழிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கடை முதலாளி என்றால் வயது பார்க்காமல் இபுதான் என்பது என் கட்சி. இளம்பெண்ணை இபு என்றால் 'எனக்கு அவ்வளவு வயசாயிடுச்சா' என்று முகம் வாடும், 'ம்பாக்' என்பதுதான் சரி என்பாள் அவள். ம்பாக் என்றால் ஜாவாவில் அக்கா. ஆண் என்றால் 'மாஸ்'. இரண்டுக்கும் நடுவே இணையக் கடைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன: 'காக்'. அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொது. அவர் உங்களைக் காக் என்று எழுதியிருந்தால் நீங்களும் தாராளமாகக் காக் எழுதலாம்.

கோலாலம்பூரிலிருந்து: எனக்கு மலாய் நன்றாக வரும். இரண்டும் ஒரே மொழிதானே, அப்படியே எழுதிவிடுவேன். பரிசுத்தாளுக்குக் காசு வாங்கவில்லை, அதற்கும் சேர்த்து நன்றி சொல்லப்போகிறேன்.

நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் கேட்டீர்கள். 'பெர்ச்சுமா' என்று எழுத இருந்தீர்கள், இல்லையா? உங்கள் ஊரில் அது 'இலவசம்'. இந்தோனேசியாவில் 'வீண்'. காசில்லாமல் பரிசைச் சுற்றித் தந்தவரிடம், சுற்றியது வீண் என்று சொல்லி நன்றியும் சொன்னதாகப் போய் நிற்கும். அங்கே இலவசத்துக்குச் சொல் 'கிராத்திஸ்'. அந்த அம்மாவைக் கூப்பிட உங்கள் ஊர் 'புவான்' வேண்டாம், இபு போடுங்கள். கடையை 'தோக்கோ' என்று எழுதுங்கள். 'கெடாய்' அங்கேயும் உண்டு, ஆனால் காப்பி, சாப்பாடு விற்கும் சின்னக் கடைதான் நினைவுக்கு வரும். நம்ம 'கடை' கப்பலேறிப் போய்த்தான் கெடாய் ஆனது, பாவம், அங்கே டீக்கடையாகச் சுருங்கிவிட்டது.

சென்னையிலிருந்து: நானும் தம்பியும் சேர்ந்து ஆர்டர் செய்தோம். 'நாங்கள் ரொம்ப சந்தோஷப்பட்டோம்' என்பதற்கு 'கித்தா' சரியா?

'காமி'. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறும் இடம் இது, நமக்குச் சாக்கே கிடையாது. காமி என்றால் நாங்கள், கித்தா என்றால் நாம். கித்தா போட்டால் கடைக்கார அம்மாவையும் சேர்த்துச் சந்தோஷப்பட வைக்கிறீர்கள். ஜகார்த்தாக்காரர்கள் பேச்சில் நாங்களுக்கும் கித்தா என்பார்கள், அதைக் கேட்டுப் பழகியிருப்பீர்கள். எழுதும்போது காமியே இருக்கட்டும்.

திருச்சியிலிருந்து: எனக்கு வந்த பீங்கான் கிண்ணங்களில் ஒன்று விரிசல். மற்றபடி ரொம்பப் பொறுப்பாக உதவினார். நன்றியும் சொல்லி, 'ஆனால்' போட்டு இதையும் சொல்லிவிடலாமா?

நீங்கள் கேட்பது வேறு கடிதம். ஒரே செய்தியில் நன்றி, பிறகு 'தாப்பி' என்று ஓர் 'ஆனால்' வந்தால், நன்றி வெறும் முன்னுரை ஆகிவிடும். விரிசலைப் படம் எடுத்து முதலில் தனியாக அனுப்புங்கள், என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அது முடிந்த பிறகு நன்றி. நானே ஒருமுறை இரண்டையும் கலந்து அனுப்பி, நாலு நாள் பதில் வராமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கோபித்தாரா, வேறு வேலையா, இன்றுவரை தெரியாது.

சேலத்திலிருந்து: யோக்யகர்த்தா என்றால் ஜாவா மொழி. 'மாத்துர் நுவுன்' என்று நன்றி சொன்னால் இன்னும் நெருக்கமாக இருக்காதா?

ஜாவாக்காரர் என்றால் மனம் குளிர்ந்துவிடும். ஆனால் ஊரை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். யோக்யகர்த்தாவில் கடை வைத்திருப்பவர் சீனக் குடும்பமாகவோ, சுமாத்ராவிலிருந்து வந்தவராகவோ இருக்கலாம். அவர் எழுதிய பழைய செய்திகளைப் புரட்டுங்கள். ஒரு 'நுவுன்' எங்காவது தட்டுப்பட்டால் நீங்களும் கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தெரிமா காசியே போதும்.

கோவையிலிருந்து மறுபடி: காலை ஒன்பதரைக்கு அனுப்பப்போகிறேன். நீங்கள் 'செலாமாத் சியாங்' போட்டிருக்கிறீர்கள், அது மதிய வணக்கம் இல்லையா?

வணக்கம் படிப்பவரின் கடிகாரப்படி. யோக்யகர்த்தா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், அங்கே அப்போது 11 மணி. கிட்டத்தட்ட அந்த நேரத்திலிருந்தே அவர்களுக்குச் சியாங். பாலித் தீவு இன்னும் ஒரு மணி நேரம் முன்னால், அங்கே நண்பகல். எட்டு மணிக்கே அனுப்புவதாக இருந்தால் 'பாகி' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து, இரண்டு நாள் கழித்து: அனுப்பிவிட்டேன்! ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'சாமா-சாமா காக், டித்துங்கு ஓர்டெரான் செலாஞ்சுத்ஞா யா'. அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பாராமே? இப்போது நான் ஏதாவது வாங்கியாக வேண்டுமா?

வேண்டாம், வேண்டாம். சாமா-சாமா என்றால் 'பரவாயில்லை, இருக்கட்டும்'. மீதி எல்லாக் கடைக்காரரும் சொல்வது, நம்ம ஊரில் 'அடிக்கடி வாங்க' என்று வாசல்வரை வந்து சொல்வார்களே, அது. 'சியாப், பு', அதாவது 'சரிம்மா', என்று இரண்டே சொல் போட்டு விடுங்கள். அப்புறம், நீங்கள் அவரை அம்மா என்றீர்கள், அவர் உங்களை அக்கா என்கிறார். கணக்குப் பார்க்காதீர்கள், எனக்கு 58 வயதாகிறது, என்னையும் காக் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.