விபிஎன் போட்டும் என் உண்மையான ஐபிவி6 முகவரி தெரிகிறது

"வயர்கார்டு ஓடுது, ஐபிவி4 மாறிடுச்சு. ஆனா சோதனைப் பக்கத்துல என் சொந்த ஐபிவி6 முகவரி அப்படியே வருது. ஏன்?"

உங்கள் கான்ஃபிக் ஃபைலில் `[Peer]` பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் `0.0.0.0/0` மட்டும்தான் இருக்கும். அது ஐபிவி4-க்கு மட்டுமே பொருந்தும். இப்படி மாற்றுங்கள்:

```
AllowedIPs = 0.0.0.0/0, ::/0
```

`::/0` இல்லாதவரை ஐபிவி6-க்கு டனல் பக்கம் வழியே இல்லை. அதனால் அந்தப் பாக்கெட்டுகள் ரவுட்டர் கொடுத்த பழைய வழியிலேயே நேராக வெளியே போகின்றன. இரண்டு முகவரியும் உள்ள தளங்களுக்கு பிரவுசர் பொதுவாக ஐபிவி6-ஐயே முதலில் முயலும். எனவே கசிவு எப்போதாவது நடப்பதல்ல, அன்றாடம் நடப்பது.

டனலை நிறுத்தி மறுபடி ஏற்றிய பிறகு லினக்ஸில் இதை ஓட்டுங்கள்:

```
ip -6 route get 2606:4700:4700::1111
```

பதிலில் `dev wg0` (அல்லது உங்கள் டனலின் பெயர்) வர வேண்டும். `eth0`, `wlan0` மாதிரி வந்தால் கசிவு தொடர்கிறது. `ip -6 route` மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்; `wg-quick` தன் வழியைத் தனி அட்டவணையில் வைப்பதால் அதில் தெரியாது.

விபிஎன் சர்வர் ஐபிவி6 தராவிட்டாலும் `::/0` போடலாம். பாக்கெட்டுகள் டனலுக்குள் போய் அங்கேயே நின்றுவிடும், பிரவுசர் ஐபிவி4-க்குத் திரும்பும். சில பக்கங்கள் திறக்கக் கொஞ்சம் தாமதமாகலாம். அப்புறம், கணினியில் ஐபிவி6-ஐயே அணைத்திருந்தால் `::/0` சேர்க்காதீர்கள். வழியைச் சேர்க்க முடியாமல் `wg-quick` பிழை காட்டி நின்றுவிடும்.