சாவி வாங்கும் அன்றைக்குத் திறக்கிற பெட்டி

"அக்கா, ஆறு மாசமா ம்யூனிக்ல கம்பெனி கொடுத்த ஃபர்னிஷ்ட் வீட்டுல இருக்கோம். நவம்பர் கடைசி சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு, நாங்களா பிடிச்ச வாடகை வீட்டுச் சாவி தர்றாங்க. காலி வீடு, கிச்சன்கூட கிடையாது. நான், மனைவி, 4 வயசுப் பொண்ணு. அன்னிக்கு ராத்திரிக்குன்னு ஒரு பெட்டியைத் தனியா கட்டி வைங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அதுல என்னென்ன வைக்கணும்?"

தம்பி, பெட்டியில் முதலில் விளக்கை வையுங்கள். போர்வை, பல் துலக்கும் பிரஷ், கெட்டில் எல்லாம் யாருக்கும் நினைவு வந்துவிடும். விளக்கு மட்டும் நம் ஊர்க்காரர்களுக்குத் தோன்றவே தோன்றாது. வாடகை வீடு என்றால் டியூப் லைட்டும் ஃபேனும் இருக்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். ஜெர்மனியில் காலி வீடு என்றால் உண்மையிலேயே காலி. போகிறவர் அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவார். கூரையில் மாட்டியிருந்த விளக்கும் அவருடையதுதான், அதுவும் போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது கூரையிலிருந்து தொங்கும் இரண்டு மூன்று ஒயர்கள், அவற்றின் முனையில் லூஸ்டர்க்ளெம்மெ என்று இங்கே சொல்கிற சின்ன வெள்ளைக் கனெக்டர், அவ்வளவுதான். நவம்பர் கடைசியில் ம்யூனிக்கில் நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். 3 மணிக்குச் சாவி வாங்கி, பேப்பர் வேலை முடிப்பதற்குள் வீடு இருட்டிவிடும்.

அந்த ஒயரில் அன்றைக்கே விளக்கு மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். பச்சை-மஞ்சள் எர்த், நீலம் நியூட்ரல், பழுப்போ கறுப்போ லைன் என்பது இப்போதைய வழக்கம். பழைய கட்டடங்களில் நிறத்தை நம்ப முடியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், நிறுத்தினால் அந்த அறை இருட்டு. ஏணியும் வேண்டும். அது பகலில், தெரிந்தவரை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. அன்றைக்குத் தேவை பிளக்கில் செருகினால் எரிகிற மேஜை விளக்கு ஒன்று. எல்.இ.டி. பல்பை அதிலேயே மாட்டி, துணியில் சுற்றி வையுங்கள். கூடவே 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர். பாத்ரூமுக்குள் ஒயர் இழுக்கக் கூடாது என்பதால் அங்கே வைக்க சார்ஜ் செய்கிற விளக்கு ஒன்று. உங்களுக்குத் தலையில் மாட்டுகிற டார்ச். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது போன் வெளிச்சத்தை யாராவது பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும், போன் சார்ஜும் இறங்கிவிடும்.

டார்ச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாவி தரும்போது வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். சுவரில் கீறல், ஜன்னலில் விரிசல், தரையில் கறை எதுவாக இருந்தாலும் அப்போதே அதில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் காலி செய்யும்போது அது உங்கள் அட்வான்ஸில் கழியலாம். மீட்டர் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் இருக்கும். நம்பரும் ரீடிங்கும் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு 2013 நவம்பரில் நாங்கள் பட்ட பாடு காரணம். அதுவும் ம்யூனிக்தான், அதுவும் சனிக்கிழமைதான். ஒரு மேஜை விளக்கு எங்களிடம் இருந்தது. வீடு சில்லென்று இருந்ததால் 2000 வாட் ஹீட்டர் ஃபேனைப் போட்டோம். மகனுக்குப் பால் கலக்க 2200 வாட் கெட்டில். சாதம் வைக்க 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. எல்லாமே ஒரே அறையில், ஒரே எக்ஸ்டென்ஷனில், விளக்கும் அதிலேயே. கொஞ்ச நேரம் எல்லாம் ஓடியது, பிறகு டப்பென்று இருட்டு. ஃப்யூஸ் பாக்ஸ் எங்கே என்று பகலில் பார்த்து வைக்கவில்லை. இருட்டில், பெட்டிகளில் முட்டிக்கொண்டு, அழுகிற பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடியது இன்னும் என் மனதில் இருக்கிறது. கடைசியில் அது வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது.

கணக்கு சுலபம். இங்கே ஒரு பிளக் லைனுக்குப் பெரும்பாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருப்பார்கள். 230 வோல்ட்டைப் பெருக்கினால் 3680 வாட். நாங்கள் இழுத்தது 6200. அதனால்தான் சீக்கிரமே டிரிப் ஆனது. இதைவிட ஆபத்து, வெறும் கெட்டிலும் இண்டக்‌ஷனும் சேர்ந்து 4200 ஆவது. கொஞ்சமாக மிஞ்சும்போது எம்.சி.பி. உடனே விழாது, வெகுநேரம் தாங்கும். அதுவரை சூடேறுவது உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் வாடை வருகிறது என்றால் உடனே பிடுங்கிவிடுங்கள். ஒயரைச் சுருட்டி வைத்த நிலையில் பெரிய சாமான் எதையும் ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு வெளியேறாது. அன்று ராத்திரிக்கு ஒரு நேரத்தில் ஒரு சூடாக்கும் சாமான், அதுவும் நேராகச் சுவர் பிளக்கில். விளக்கை முடிந்தால் வேறு லைனில் செருகுங்கள். எது எந்த லைன் என்று ஃப்யூஸ் பாக்ஸில் எழுதியிருக்கும், வெளிச்சம் இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கென்று சுவரில் இருக்கும் இணைப்பு பெரும்பாலும் மூன்று ஃபேஸ். அதை எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும்.

ஆகவே அன்றைய சமையலறை உங்கள் கெட்டில்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த கெட்டில் இருந்தால் அதை நம்ப வேண்டாம். நம் மூன்று பின் பிளக் இங்கே போகாது. கன்வர்ட்டரில் பலவற்றில் எர்த் இணைவதே இல்லை, தண்ணீர் சூடாக்கும் சாமானுக்கு அது கூடாது. 1.7 லிட்டர் கெட்டில் இங்கேயே 20 யூரோ அளவில் கிடைக்கும். முந்தின வாரமே வாங்கி, இரண்டு முறை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். வெந்நீரை மட்டும் வைத்து வயிற்றை நிரப்ப எனக்குத் தெரிந்த நல்ல வழி அவல். வீட்டிலேயே கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வேர்க்கடலை தாளித்து, மெல்லிய அவலைப் போட்டு மொறுமொறுவென்று வறுத்து, உப்பு சேர்த்து ஆற வைத்து டப்பாவில் அடையுங்கள். அன்றைக்கு வெந்நீரை அவல் நனையும் அளவுக்கு மட்டும் தெளித்து ஐந்து நிமிடம் மூடி வைத்தால் உப்புமா தயார். குழந்தைக்குக் காரம் போடாத டப்பா தனி. பால் பவுடர், டீத்தூள், சர்க்கரை, மூன்று தட்டு, மூன்று டம்ளர், மூன்று ஸ்பூன். சிங்க் இருக்காது என்பதால் பாத்ரூம் குழாயில்தான் கழுவ வேண்டும், சின்ன டப் ஒன்றும் துணி ஒன்றும் போதும்.

கடையை நம்பியும் எதையும் விடாதீர்கள். பவேரியாவில் சனிக்கிழமை ராத்திரி 8 மணியோடு சூப்பர் மார்க்கெட் மூடினால் திங்கட்கிழமை காலைதான் திறக்கும். மெயின் ஸ்டேஷனிலும் பெட்ரோல் பங்கிலும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அங்கே ஸ்குரு டிரைவரும் கம்பளியும் கிடைக்காது. அதனால் இரண்டு காலை உணவுக்கும் சேர்த்து வையுங்கள்.

படுக்கை விஷயத்தில் கட்டிலை அன்றே பூட்ட நினைக்காதீர்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். ராத்திரி 10 மணிக்கு மேல் சுத்தியல் சத்தமோ டிரில் சத்தமோ கேட்டால் கீழ்வீட்டுக்காரரோடு முதல் அறிமுகமே கசப்பாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே கட்டுப்பாடுதான். மெத்தையைத் தரையிலேயே போடுங்கள். காலியான அட்டைப்பெட்டிகளை விரித்து அடியில் பரப்பினால் தரையின் குளிர் மெத்தையில் ஏறாது. சுருட்டி அடைத்து விற்கிற மெத்தை வாங்கியிருந்தால், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைப் பிரித்துப் போடுங்கள், முழுதாக உப்பப் பல மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஒரு கனமான ரஜாய், ஒரு தலையணை, ஒரு விரிப்பு, கம்பளிச் சாக்ஸ். மகளுக்கு அவள் தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையோ போர்வையோ எதுவோ, அதை எந்தப் பெட்டியிலும் போடாமல் அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. காலி வீட்டில் ஹீட்டர் வால்வைப் பனிப்பூ படம் போட்ட குறியில் விட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லா அறையிலும் 3-இல் வையுங்கள், அது ஏறக்குறைய 20 டிகிரி. 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, தேவைக்கு மேல் சூடாகும், அவ்வளவே. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வகை என்றால் வீடு சூடாக ஒரு நாள்கூட ஆகலாம். அதைச் சாவி வாங்குவதற்கு முந்தைய நாளே ஓனரிடம் போட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குளியலறைச் சாமான்களில் நீங்கள் தினமும் எடுப்பவை உங்களுக்கே தெரியும். சேர்க்க வேண்டியவை டாய்லெட் பேப்பர், ஒரு வாளி, ஒரு மக், குப்பைக்குப் பெரிய பைகள். மருந்து டப்பாவை மறக்காதீர்கள், குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் லாரிப் பெட்டிகளில் தேட முடியாது.

கருவிகளில் அன்றைக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான். ஒரு ஸ்டார் ஸ்குரு டிரைவர், ஒரு பிளையர், அளவு டேப், ஆலன் கீ செட். பழைய கட்டிலோ மேஜையோ வாங்கிக் கழற்றியிருந்தால் அந்த ஸ்குருக்களை ஜிப் பையில் போட்டு, எதன் ஸ்குரு என்று எழுதி இந்தப் பெட்டியிலேயே வையுங்கள். பெட்டி வெட்டும் கத்தியை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், சட்டைப் பையில் இருக்கட்டும். பேக்கிங் டேப்பும் தடித்த மார்க்கரும் முக்கியம். அன்றைக்கே உங்கள் குடும்பப் பெயரை எழுதி லெட்டர் பாக்ஸிலும் காலிங் பெல்லிலும் ஒட்டிவிடுங்கள். இங்கே ஃபிளாட் எண்ணைப் பார்த்து அல்ல, பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள், பெயர் இல்லையென்றால் பாங்க் கடிதம்கூடத் திரும்பிப் போகும்.

இதெல்லாம் ஒரே பெட்டியில் அடங்காது, ரஜாய்கள் தனி மூட்டையாக இருக்கட்டும். அடுக்கும்போது தேவைப்படும் நேரத்துக்குத் தலைகீழாக அடுக்குங்கள்: காலைக்கானது அடியில், அதற்கு மேல் சாப்பாடு, பிறகு பாத்ரூம் சாமான், எல்லாவற்றுக்கும் மேலே விளக்கு. லாரியில் ஏற்றவே வேண்டாம். லாரி தாமதமானாலும், ஏற்றுகிறவர்கள் இதன்மேல் பத்துப் பெட்டி அடுக்கினாலும் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். டாக்ஸியிலோ நண்பரின் காரிலோ உங்களோடு வரட்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், நீங்கள் குடிவந்ததை உறுதி செய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தருகிற சான்று ஆகியவை பெட்டியிலும் வேண்டாம், உங்கள் தோள் பையில் இருக்கட்டும். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய அந்தச் சான்று கேட்பார்கள். சாவி வாங்கும்போதே அதையும் ஓனரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள் தம்பி.