மாமி வீட்டு இணைப்பும் நம் டவுன்லோடும்

"அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரெண்டு மாசம். தண்டையார்பேட்டையில் மாமி வீட்டில் இருக்கிறேன். படிப்புக்கு வேண்டிய லினக்ஸ் கோப்புகளை டொரண்டில் இறக்கினால், மச்சாளின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று போகிறது. வீட்டில் யாரும் சொல்லவில்லை, எனக்குத்தான் சங்கடம். என்ன செய்யலாம்?"

தம்பி, பழைய வண்ணாரப்பேட்டையில் மாமா வீட்டில் இருந்தபோது எனக்கும் இதே பாடுதான். ஒரு வாரம் கேபிள் தம்பியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். குற்றம் என் லேப்டாப்பில் இருந்தது.

நான் டவுன்லோடை மட்டும் குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. டொரண்ட் வாங்கிக்கொண்டே மற்றவர்களுக்குக் கொடுக்கவும் செய்யும். கோப்பு முழுதாக இறங்கிய பிறகும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த அப்லோட் நிரம்பிவிட்டால், மச்சாளின் குரலும் அவள் திறக்கிற பக்கத்துக்கான கோரிக்கையும் வரிசையில் காத்துக் கிடக்கும். அதனால் அப்லோடைக் கட்டுப்படுத்துவதுதான் முக்கியம்.

முதலில் காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். டொரண்ட் ஓடும்போது டெர்மினலில் இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பாருங்கள், நிற்காமல் ஓடினால் Ctrl+C அடித்து நிறுத்துங்கள்:

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
```

முதலாவது உங்கள் ரவுட்டர் (சில வீடுகளில் எண் வேறாக இருக்கும்), இரண்டாவது வெளியே இருக்கும் கூகுள் சர்வர். ரவுட்டர் சில மில்லி செகண்டில் பதில் தந்து, இரண்டாவது மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறினால் லைன் நிரம்பியிருக்கிறது. ரவுட்டரே தாமதித்தால் வைஃபையைப் பாருங்கள், வேகத்தைக் கட்டுவது மட்டும் போதாமல் போகலாம்.

qBittorrent என்ற டொரண்ட் மென்பொருளில் Tools > Options > Speed போங்கள். அங்கே கணக்கு KiB/s, அதாவது பைட். கம்பெனிக்காரன் சொல்லும் 40 எம்பிபிஎஸ் பிட் கணக்கு. அதை எட்டால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் KiB/s கணக்கில் ஏறக்குறைய 5000 என்று வரும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 0 போட்டால் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தம், அதையும் கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் டவுன்லோட் 40 எம்பிபிஎஸ், அப்லோட் 8 எம்பிபிஎஸ். Alternative Rate Limits-இல் டவுன்லோட் 1500, அப்லோட் 200 வைத்தேன். அதாவது எனக்கு 12 எம்பிபிஎஸ், மற்றவர்களுக்கு 28. வகுப்புக்கும் மாமாவின் செய்திக்கும் அது தாராளம். 30 ஜிபி கோப்பு ஏறக்குறைய அஞ்சரை மணி நேரம் எடுக்கும், எடுக்கட்டும். கீழே Schedule-ஐ டிக் செய்து காலை 6 முதல் இரவு 11 வரை என்று கொடுங்கள். இரவு நேரத்துக்கு, அதே பக்கத்தில் மேலே இருக்கும் Global Rate Limits பொருந்தும். அதையும் 0 ஆக விடாமல் டவுன்லோட் 4000, அப்லோட் 600 என்று வையுங்கள், மச்சாள் நள்ளிரவிலும் படிப்பாள் அல்லவா.

இந்தக் கட்டு அந்த மென்பொருளுக்கு மட்டும்தான். பிரவுசரில் இறக்குவது இதில் அடங்காது, அதை இரவுக்குத் தள்ளுங்கள். வைத்த பிறகு மச்சாளின் வகுப்பு நேரத்தில் அந்த இரண்டாவது பிங்கை மறுபடி அடியுங்கள். எண் இன்னும் ஏறினால் அப்லோடை 100-க்கு இறக்குங்கள்.