எத்தனை டீ விற்றால் கடை நிற்கும்?

கேள்வி: என் வீட்டுக்காரர் பஸ் நிலையம் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். தினமும் 300 டீ போகிறது, ஒரு டீ 12 ரூபாய். வாடகை 9,000, மாஸ்டருக்கு நாள் சம்பளம் 700, கிளாஸ் கழுவும் அம்மாவுக்கு மாதம் 6,000, கரண்ட் 1,400. மாதம் நாலு சிலிண்டர், 7,600 ஆகிறது. லீவே விடுவதில்லை. வீட்டுச் செலவுக்குத் தினம் 600 ரூபாய் எடுக்கிறோம். கூட்டம் இருந்தும் பால்காரர் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. எத்தனை டீ விற்றால் நஷ்டம் வராது?

பதில்: சகோதரி, முதலில் செலவை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு டீகூட விற்காத நாளிலும் கொடுத்தே ஆக வேண்டிய காசு ஒரு பக்கம். டீ போடப் போட ஏறுகிற காசு இன்னொரு பக்கம். முதலாவது நிலையான செலவு, இரண்டாவது மாறும் செலவு.

வாடகை, இரண்டு பேர் சம்பளம், கரண்ட் எல்லாம் நிலையான செலவு. இதில் மாஸ்டருக்கு மட்டும் மாதம் 21,000 போகிறது. கேஸை எங்கே சேர்ப்பது என்பதில்தான் பலர் குழம்புவார்கள். டீ போட எரிவதுதானே என்று அதை மாறும் செலவில் போட்டுவிடுவார்கள். ஆனால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பாய்லர் காலையிலிருந்து ராத்திரி வரை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். வியாபாரம் மந்தமான மாதத்திலும் சிலிண்டர் செலவு பெரிதாகக் குறையாது. அதனால் அதையும் நிலையான செலவில் வையுங்கள். மொத்தம் 45,000 வருகிறது, ஒரு நாளைக்கு 1,500.

மாறும் செலவில் பால்தான் பெரிய தலை. லிட்டர் 56 ரூபாய் என்றும், ஒரு லிட்டரில் 14 டீ என்றும் வைத்தால் ஒரு டீக்கு 4 ரூபாய். கிலோ 375 ரூபாய் தூளில் 250 டீ வந்தால் ஒன்றரை ரூபாய். சர்க்கரைக்கு 50 பைசா. ஆக 6 ரூபாய். உங்கள் கடை விலைகளைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். 12 ரூபாய் டீயில் மிஞ்சுவது 6 ரூபாய். தினச் செலவு 1,500-ஐ இந்த 6-ஆல் வகுத்தால் 250. நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை என்கிற இடம் அதுதான்.

நீங்கள் 300 விற்கிறீர்கள். அப்படியென்றால் கடை நஷ்டத்தில் ஓடவில்லை, நாளுக்கு 300 ரூபாய் லாபம் தருகிறது. நீங்கள் எடுப்பதோ 600. அந்தக் குறை 300-தான் மாதக் கடைசியில் 9,000 ஆகி, பால்காரர் பாக்கியாக நிற்கிறது. அதற்காக அந்த 600-ஐ எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். விடிவதற்கு முன்பே எழுந்து கடை திறக்கிற மனிதருக்கு அது கூலி. அதை லாபம் என்று நினைக்காமல் நிலையான செலவில் சேர்த்து எழுதுங்கள். இப்போது நாளுக்கு 2,100 ஆகிறது. 6-ஆல் வகுத்தால் 350 டீ. உங்கள் கடைக்கு உண்மையான கணக்கு இதுதான்.

இன்னும் 50 டீ கூட்டுவது சுலபமில்லை. விலையை 13 ஆக்கினால் ஒரு டீயில் 7 ரூபாய் மிஞ்சும், 300 டீயிலேயே கணக்கு நேராகிவிடும். சில்லறைத் தொல்லை கொஞ்சம் இருக்கும். ஆனால் இப்போது பாதிப் பேர் போனில் ஸ்கேன் செய்துதானே கொடுக்கிறார்கள்? பக்கத்துக் கடை விலையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விலையை ஏற்றத் தயங்கிப் பாலில் தண்ணீரைக் கூட்டாதீர்கள். லிட்டருக்கு 14-க்குப் பதில் 16 டீ போட்டாலும் ஒரு டீக்கு 50 பைசாதான் மிச்சம், நாளுக்கு 150 ரூபாய். விலையில் ஒரு ரூபாய் ஏற்றுவதால் வருவதில் இது பாதி. தினம் வருகிறவர் முதல் வாயிலேயே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

விலை ஏற்றியதும் கொஞ்சம் பேர் குறைவார்கள். அதற்கு வடை கைகொடுக்கும். 7 ரூபாய்க்கு வாங்கி 10 ரூபாய்க்கு விற்றால், 100 வடையில் 300 ரூபாய். அப்போது 258 டீ போனாலே போதும். ஆனால் மீந்துபோகிற ஒரு வடை, விற்ற இரண்டு வடையின் லாபத்தைத் தின்றுவிடும். முதலில் 40, 50 என்று வாங்கிப் பாருங்கள், மாலைக்குள் தீர்கிறதா என்று கவனித்த பிறகு கூட்டுங்கள்.

அப்புறம், லிட்டருக்கு 14 டீ என்ற கணக்கு உங்கள் கடையில் நிஜமா என்று ஒரு வாரம் சோதியுங்கள். 300 டீக்கு 22 லிட்டருக்குள் பால் போதும். 25 லிட்டர் செலவானால், மாஸ்டர் தாராளமாக ஊற்றுகிறார், அல்லது பால் திரிகிறது, அல்லது கணக்கில் வராத டீ போகிறது. அந்த 3 லிட்டர் நாளுக்கு 168 ரூபாய். விலை ஏற்றி நீங்கள் சம்பாதிக்கும் 300-இல் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். அதனால் விலைப் பலகையை மாற்றுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.