பூத் முறையில் குறியுள்ள எண்களைப் பெருக்குவது

கேள்வி: பூத் பெருக்கலில் மைனஸ் எண் வந்தாலும் விடை எப்படிச் சரியாக வருகிறது? ஒரு கணக்கு போட்டுக் காட்டி, வன்பொருளில் எப்படி அமைப்பார்கள் என்றும் சொல்ல முடியுமா?

5 × (−6) எடுத்துக்கொள்வோம், 4 பிட்டில். M = 0101, அதன் எதிர் எண் 1011. Q = 1010, அதாவது −6. கூட்டல் கழித்தலின் விடை சேரும் A பூஜ்ஜியத்தில் தொடங்கும். Q-வுக்கு வலப்பக்கம் q என்று ஒரு கூடுதல் பிட், அதுவும் 0.

ஒவ்வொரு சுற்றிலும் Q-வின் கடைசி பிட்டையும் q-வையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 10 என்றால் A-யிலிருந்து M-ஐக் கழிக்கவும், 01 என்றால் கூட்டவும், இரண்டும் ஒன்றாக இருந்தால் சும்மா விடவும். அப்புறம் மூன்றையும் ஒரு இடம் வலப்பக்கம் நகர்த்தவேண்டும். நகர்த்தும்போது A-யின் குறி பிட் அப்படியே நிலைக்கவேண்டும்.

```
        A    Q    q
        0000 1010 0
00      0000 0101 0
10 −M   1011 0101 0  →  1101 1010 1
01 +M   0010 1010 1  →  0001 0101 0
10 −M   1100 0101 0  →  1110 0010 1
```

கடைசியில் A-யையும் Q-வையும் சேர்த்துப் படித்தால் 11100010, அதாவது −30. மூன்றாம் சுற்றில் கூட்டும்போது வெளியே வரும் மிகையை விட்டுவிடலாம்.

மைனஸுக்கென்று தனி விதி எதுவும் இல்லை என்பதுதான் இதன் அழகு. 1010-ஐ இந்த முறை −8 + 4 − 2 என்று படிக்கிறது, கூட்டினால் −6. மேல் பிட்டின் மதிப்பு −8 என்பதுதானே இரண்டின் நிரப்பு முறை? அந்தக் கடைசிக் கழித்தலிலேயே குறி அடங்கிவிடுகிறது.

வன்பொருளில் A, Q, M என மூன்று ரெஜிஸ்டர், q-வுக்கு ஒரு ஃபிளிப்-ஃபிளாப், ஒரு ஆடர், சுற்றை எண்ண ஒரு கவுண்ட்டர் போதும். Q-வின் கடைசி பிட்டையும் q-வையும் ஒரு எக்ஸ்-ஆர் கேட்டில் கொடுத்தால், ஆடரின் விடையை A-யில் ஏற்றவேண்டுமா என்பது தெரியும். கூட்டலா கழித்தலா என்பதை Q-வின் கடைசி பிட்டே சொல்லிவிடும்: 1 என்றால் கழித்தல். அதே கம்பியை M-இன் ஒவ்வொரு பிட்டுடனும் எக்ஸ்-ஆர் செய்து, ஆடரின் உள்வரும் மிகையாகவும் கொடுத்தால் கழித்தல் தயார்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. M = −8 என்றால் 0 − (−8) = +8; இது 4 பிட்டில் அடங்காது. A-யில் 1000 என்று நின்று, நகர்த்தும்போது மைனஸாக நீளும். (−8) × 1 போட்டுப் பாருங்கள், 00001000, அதாவது +8 வரும். A-யையும் ஆடரையும் 5 பிட்டாக்கி, M-இன் குறியையும் ஒரு பிட் நீட்டினால் கடைசி 8 பிட்டில் 11111000 சரியாக வந்துவிடும். சோதிக்கும்போது −8-ஐ M-ஆக வைத்துப் பார்க்காவிட்டால் இந்தப் பிழை கண்ணில் படாது, மற்ற எல்லா M-க்கும் 4 பிட் சுற்று சரியாகவே விடை தரும்.