தர்மபுரி, கிருஷ்ணகிரி சூப்பர் மார்க்கெட்டில் ராகி முறுக்கு இறக்க எப்படித் திட்டமிடலாம்?

"தர்மபுரியில் வீட்டோடு சின்ன யூனிட் வைத்து ராகி முறுக்கு போடுகிறோம். இப்போது 150 கிராம் பாக்கெட்டாக லோக்கல் சூப்பர் மார்க்கெட்டுகளில் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எம்ஆர்பி 50 வைக்கலாமா? முதலில் எத்தனை கடை பிடிப்பது?"

50 வேண்டாம், 60 வையுங்கள். முதலில் எட்டுக் கடை போதும். ஏன் என்று சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் ஸ்நாக்ஸ் சப்ளை பார்த்துக்கொண்டிருப்பவன் நான்.

முதலில் கணக்கு. ஒரு பாக்கெட் செய்து, கவர் போட்டு, சீல் வைக்க உங்களுக்கு 28 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். கடைக்காரர் எம்ஆர்பியில் 20 சதவீதம் மார்ஜின் கேட்பார். 60 ரூபாய் பாக்கெட்டை அவருக்கு 48-க்குக் கொடுக்கிறீர்கள். பாக்கெட் போட்ட காரவகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பதிவு இருந்தால் 48-ல் வரி போக கையில் நிற்பது 45.70. வண்டி, டெலிவரி ஆளுக்கு பாக்கெட்டுக்கு 4 ரூபாய். நூறு கொடுத்தால் பத்து திரும்பி வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த நஷ்டம் விற்ற பாக்கெட் ஒவ்வொன்றின் மேலும் 3 ரூபாய் ஏறும். எல்லாம் போக பத்து ரூபாய் சொச்சம் மிஞ்சும்.

இதே கணக்கை 50-க்குப் போடுங்கள். கடைக்கு 40, வரி போக 38.10, செலவு 35. மிச்சம் மூன்று ரூபாய். நாளைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வைத்தால் அதுவும் அவருக்கே போய்விடும். ஒருமுறை அச்சடித்த விலையை அப்புறம் ஏற்றுவது பெரிய தலைவலி. வேண்டுமானால் 60 அச்சடித்து, முதல் மாதம் 50-க்கு ஆஃபர் கொடுங்கள். அந்த வித்தியாசம் யார் தலையில் என்பதைக் கடைக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

அந்தப் பத்து பாக்கெட் ரிட்டர்ன்தான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. பெரும்பாலான கடைகள் விற்றதற்குத்தான் காசு தரும், தேதி முடிந்தது உங்களுக்கே திரும்பும். எனவே பாக்கெட்டில் எத்தனை நாள் போடுகிறீர்கள் என்பதை நீங்களே சோதித்திருக்க வேண்டும். கம்பு மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ராகியில் கொழுப்பு குறைவு என்பதால் அந்தத் தொல்லை கம்மி. முறுக்கைக் கெடுப்பது குடித்த எண்ணெயும் உள்ளே போகிற காற்றும்தான். ஒரே நாளில் போட்ட முறுக்கைப் பாதி சாதாரண கண்ணாடிக் கவரிலும், பாதி உள்பக்கம் வெள்ளி பூசிய கவரில் நைட்ரஜன் அடித்தும் சீல் போடுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைத்து வாரம் ஒன்றாகப் பிரித்து, வாயைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். எந்த வாரம் வாடை மாறுகிறதோ, அதற்கு நன்றாக முன்னாலேயே தேதி முடிகிற மாதிரி அச்சடியுங்கள். சீலிங்கைப் பார்க்க, பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். ஓரத்தில் குமிழி வந்தால் ஒழுகுகிறது. அந்த பேட்ச்சை அனுப்பாதீர்கள்.

இப்போது கடைக்கு வருவோம். தர்மபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி நான்கும் ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக வரும். ஊருக்கு இரண்டாக எட்டுக் கடை பிடித்தால், வாரம் ஒரு நாள் ஒரே வண்டியில் போய் வந்துவிடலாம். அரூர், பென்னாகரம் இரண்டும் ஆளுக்கொரு திசை, இப்போது வேண்டாம். ஓசூரும் பிறகுதான். அங்கே கூட்டம் பெரிது, போட்டியும் பெரிது.

ஒவ்வொரு கடைக்கும் 24 பாக்கெட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். 'ரெண்டு அட்டை போட்டுடுங்க தம்பி' என்று கேட்பார்கள், மயங்க வேண்டாம். எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண், பார்கோடு, கிராமுக்கு விலை இவையெல்லாம் லேபிளில் சரியாக இருக்கிறதா என்று முதல் சரக்குக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பார்கோடு இல்லையென்றால் பில்லிங் கவுண்டரில் ஸ்கேன் ஆகாது. கடையே ஸ்டிக்கர் ஒட்டும், அல்லது சரக்கு குடோனிலேயே கிடக்கும்.

வாரா வாரம் போகும்போது ஷெல்ஃபில் மிச்சத்தை நீங்களே எண்ணுங்கள். பழைய தேதியை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். கடைப் பையன் அதைச் செய்ய மாட்டான். முதல் இரண்டு வாரம் விற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சொந்தக்காரர்களும் ஆர்வத்தில் வாங்குகிறவர்களும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஐந்தாறு போகிற கடையே உண்மையான கடை. இரண்டுக்குக் கீழே நின்றால் முதலில் ஷெல்ஃப் இடத்தை மாற்றிக் கேளுங்கள். கண் மட்டத்துக்கு வந்தும் நகரவில்லை என்றால் சரக்கை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

தீபாவளி நெருக்கத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அப்போது பெரிய கம்பெனிகளின் ஆஃபர் அட்டைப்பெட்டிகள் ஷெல்ஃபை அடைத்திருக்கும், வீட்டிலும் முறுக்கு சுடுவார்கள். எட்டில் ஐந்து கடையாவது தானே போன் செய்து சரக்கு கேட்கிறவரை டிஸ்ட்ரிபியூட்டர் பேச்சே எடுக்க வேண்டாம்.